அண்டி ஆபீசில் மூன்றாவது பங்கு: நிலத்தின் ஏற்றம் யாருக்கு, நற்பெயர்த் தொகை யாருக்கு?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் ஒரு முந்திரி ஆலை. எங்கள் ஊர்ப் பேச்சில் அண்டி ஆபீஸ். இரண்டு பேர் கூட்டாக நடத்தி வந்த இந்த ஆலையில் மூன்றாவதாக ஒருவர் 2024 ஏப்ரல் 1 முதல் பங்காளியாகச் சேர்ந்தார். அந்தச் சேர்ப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். ஆளையோ ஆலையையோ யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகத் தொகைகளை மாற்றி, எளிதில் வகுபடும் எண்களாக எழுதுகிறேன். கணக்கின் போக்கும், அதில் எழுந்த சண்டையும் மாறவில்லை.

மூத்த பங்காளிக்கு ஐந்தில் மூன்று பங்கு. அவருடைய மனைவியின் தம்பிதான் இளைய பங்காளி, அவருக்கு ஐந்தில் இரண்டு. சேர வந்தவர் சொந்தக்காரர் இல்லை. பக்கத்து ஊர்க்காரர், ஷார்ஜாவில் உணவுப் பொருள் பேக்கிங் கம்பெனி ஒன்றில் வெகுநாள் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவருக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று முதலிலேயே பேசிவிட்டார்கள். மூத்தவருக்கு வயதாகிவிட்டது, ஆலையில் தன் பிடியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள நினைத்தார். இனி ஓடியாடப் போகிறவர் இளையவர்தான். அதனால் புதியவருக்குப் போகும் பங்கில் பெரும்பகுதியை மூத்தவரே விட்டுக்கொடுப்பது என்றும், புதிய விகிதம் 9:7:4 என்றும் முடிவானது. இருபது பங்கில் மூத்தவருக்கு 12 இருந்தது 9 ஆகிறது, இளையவருக்கு 8 இருந்தது 7 ஆகிறது, புதியவருக்கு 4. இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டையே இதில்தான்.

2024 மார்ச் 31 அன்று இருப்புநிலைக் குறிப்பு இப்படி இருந்தது. கொடுக்க வேண்டிய பக்கத்தில் கடனீந்தோர் 14 லட்சம், வங்கிக் கடன் 30 லட்சம், பொதுக் காப்பு 10 லட்சம், மூத்தவர் முதல் 48 லட்சம், இளையவர் முதல் 28 லட்சம். சொத்துப் பக்கத்தில் நிலம் 6 லட்சம், கட்டடம் 24, இயந்திரம் 20, சரக்கிருப்பு 46, வர வேண்டிய கடன் 28, ரொக்கமும் வங்கியும் 6. இரண்டு பக்கமும் 130 லட்சம்.

நிலம் என்பது 40 சென்ட், 1998 இல் வாங்கியது. இதை ஏற்றி மதிப்பிடலாமா என்று பார்க்கும் முன், அது யாருடைய நிலம் என்று பார்க்க வேண்டும். கூட்டாண்மை நிறுவனத்துக்குச் சட்டத்தில் தனி உடல் கிடையாது. பத்திரம் பல நேரம் ஏதாவது ஒரு பங்காளி பெயரிலோ எல்லாப் பங்காளிகள் பெயரிலோ இருக்கும். அப்பா காலத்துச் சொத்தில் ஒருவர் ஷெட் போட்டு, நிறுவனம் அவருக்கு வாடகை கொடுத்துவரும் ஆலைகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ உண்டு. அப்படிப்பட்ட நிலத்தை மறுமதிப்பீட்டில் சேர்த்தால், ஒருவருடைய சொந்தச் சொத்தின் ஏற்றத்தை எல்லோருக்கும் பங்கு வைத்ததாகிவிடும். இங்கே கிரயப் பத்திரம் இருவர் பெயரிலும் இருந்தது. கூட்டாண்மைக்காக வாங்குகிறோம் என்ற வாசகமும் அதில் இருந்தது, பணமும் நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்தே போயிருந்தது. ஆக, நிறுவனச் சொத்துதான். சந்தேகமில்லை.

அடுத்தது விலை. அரசு வழிகாட்டி மதிப்பு ஒன்று, ஊர்ப் புரோக்கர்கள் சொல்லும் விலை ஒன்று, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் எழுதித் தரும் விலை ஒன்று. புரோக்கர்கள் சொன்னது மெயின் ரோட்டு முகப்பின் விலை. ஆலையோ உள்ளே தள்ளி இருக்கிறது, லாரி திரும்ப ஒரே வழி. மதிப்பீட்டாளர் சென்டுக்கு 90,000 ரூபாய் வைத்து 36 லட்சம் எழுதினார், மூவரும் அதை ஒப்புக்கொண்டார்கள். நிலத்தில் மட்டும் 30 லட்சம் ஏற்றம்.

இளையவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் மறுமதிப்பீடு என்றால் ஏறியதை மட்டும் பார்ப்பதில்லை. கைவெட்டு மெஷின்கள் பல மூலையில் கிடந்தன. தானியங்கி வெட்டு மெஷின் வந்தபிறகு அவற்றைத் தொட்ட ஆள் இல்லை, புத்தகத்தில் மட்டும் மதிப்போடு உட்கார்ந்திருந்தன. இயந்திரத்தில் 5 லட்சம் குறைத்தோம். சரக்கிருப்பில் முழுப்பருப்பு, அதாவது W240, W320 ரகங்கள், பிரச்சினை இல்லை. உடைந்த பருப்பும் துண்டும் டின் டின்னாகத் தேங்கி, சில டின்களில் நெடி தட்டியிருந்தது. விற்றால் அடக்க விலைகூட வராது. அங்கே 4 லட்சம் குறைந்தது. கடன்காரர் பட்டியலில் ஒரு மொத்த வியாபாரி வெகுநாளாகப் பாக்கி வைத்திருந்தார், அதற்கு 3 லட்சம் ஐயக்கடன் ஒதுக்கு.

கடைசியாக ஒன்று யார் பேச்சிலும் வரவில்லை, புதியவர்தான் கேட்டார். “அண்ணாச்சி, உள்ள இருந்து அண்டி உரிக்கிற அக்காமாருக்குப் பணிக்கொடை எங்க எழுதியிருக்கு?”

எங்கேயும் எழுதவில்லை. யாராவது நின்றுகொள்ளும்போது கொடுத்து, அந்த வருடச் செலவாகக் காட்டுவதுதான் வழக்கம். ஐந்து வருடம் தாண்டிய ஒருவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் கூலி என்பது அப்போது நடப்பில் இருந்த 1972 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் கணக்கு. கிலோ கணக்கில் கூலி வாங்குபவர் என்றால் கடைசி மூன்று மாதச் சம்பாத்தியத்தின் சராசரியை எடுத்து நாள் கூலி கண்டுபிடிக்க வேண்டும். நாள் சராசரி 400 ரூபாய், 12 வருட வேலை என்றால் ஒருவருக்கு மட்டும் 72,000 ரூபாய். பட்டியல் போட்டுக் கூட்டியபோது 8 லட்சம் வந்தது. இந்த உழைப்பின் பலன் முழுக்க பழைய இருவரின் லாபத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. கடனை மட்டும் மூன்று பேர் தலையில் வைப்பது நியாயமில்லை. அதனால் அதை மார்ச் 31 தேதிக்குப் பொறுப்பாக ஏற்றினோம்.

| மறுமதிப்பீட்டுக் கணக்கு | ரூ. லட்சம் |
|---|---|
| நிலம் ஏற்றம் | +30 |
| இயந்திரம் குறைவு | −5 |
| சரக்கிருப்பு குறைவு | −4 |
| ஐயக்கடன் ஒதுக்கு | −3 |
| எழுதப்படாத பணிக்கொடைப் பொறுப்பு | −8 |
| நிகர ஆதாயம் | +10 |

30 லட்சம் என்று நினைத்தது 10 லட்சமாக நின்றது. இந்த 10 லட்சம் பழைய விகிதமான 3:2 இல் போகும்: மூத்தவருக்கு 6, இளையவருக்கு 4. பொதுக் காப்பான 10 லட்சமும் அதே மாதிரி 6, 4. இரண்டும் ஏப்ரல் 1 க்கு முன் உண்டானவை. அப்போது இருவருக்கும் இருந்த பங்கு 3:2, புதியவர் அங்கே இல்லவே இல்லை. இப்போது முதல் கணக்கு மூத்தவருக்கு 60 லட்சம், இளையவருக்கு 36 லட்சம், சேர்த்து 96 லட்சம்.

அப்புறம் நற்பெயர். கடைப்பேச்சில் குட்வில். மூத்தவர் மனதில் வைத்திருந்த தொகை 84 லட்சம். மூன்று வருடச் சராசரி லாபம் 28 லட்சம், அதை மூன்றால் பெருக்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் புதியவர் ஐந்தில் ஒரு பங்குக்கு 16.8 லட்சம் கொடுக்க வேண்டும். அவர் கணக்குத் தெரிந்தவர், ஒத்துக்கொள்ளவில்லை.

28 லட்சம் என்ற சராசரி சரியானதுதான், ஆனால் அதையும் திருத்தித்தான் எடுத்தோம். 2021-22 இல் புத்தக லாபம் 19 லட்சம். அந்த நவம்பர் மாத மழையில் மாவட்டமே தண்ணீரில் கிடந்தபோது குடோனில் மூட்டைகள் நனைந்து 6 லட்சம் நட்டம். அது வருடா வருடம் வருவதில்லை என்று திரும்பக் கூட்டினால் 25. 2022-23 இல் 27. 2023-24 இல் 36 என்று இருந்தது, அதில் பழைய லாரியை விற்ற ஆதாயம் 4 லட்சம் கலந்திருந்தது, கழித்தால் 32. மூன்றையும் கூட்டினால் 84, சராசரி 28.

இந்த 28 லட்சமும் ஆலையின் பேரால் வந்ததல்ல. இரண்டு பங்காளிகளும் காலை முதல் இரவு வரை அங்கேயே கிடக்கிறார்கள், அதற்குச் சம்பளம் எழுதுவதில்லை. அந்த வேலைக்கு வெளி ஆளை வைத்தால் ஒருவருக்கு மாதம் 35,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும். இருவருக்கும் வருடத்துக்கு 8.4 லட்சம். கழித்தால் 19.6. அடுத்து, உள்ளே கிடக்கும் 96 லட்சம் முதலுக்குச் சாதாரணமாக எதிர்பார்க்கும் 10 சதவீதம், 9.6 லட்சம். அதையும் கழித்தால் மிச்சம் 10 லட்சம். இதுதான் உயர் இலாபம். வேறு இடத்தில் இதே பணத்தைப் போட்டு இதே வேலையைப் பார்த்திருந்தால் கிடைக்காத, இந்த ஆலை என்பதால் மட்டும் கிடைக்கிற லாபம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நான் 96 லட்சத்தை எடுத்தேன், மறுமதிப்பீட்டுக்குப் பின் வந்த முதலை. நிலத்தை 6 லட்சத்திலேயே விட்டிருந்தால் முதல் 66 லட்சம், சாதாரண வருமானம் 6.6, உயர் இலாபம் 13. கடைசியில் நாங்கள் ஒப்புக்கொண்டபடி உயர் இலாபத்தை இரண்டு வருடத்துக்குப் பெருக்கினால் நற்பெயர் 26 லட்சம் ஆகியிருக்கும், 20 அல்ல. நிலத்தின் விலையை ஏற்றிவிட்டு, நற்பெயரை மட்டும் பழைய முதலை வைத்துக் கணக்கிட்டால் ஒரே லாபத்தை இரண்டு முறை விற்றதாகும். இந்தப் பிழை வெளியே தெரியாது, ஏனென்றால் இரண்டு தாள்களும் தனித்தனியாகச் சரியாகவே இருக்கும். நற்பெயர்த் தாளில் எந்த முதலை எடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தால் போதும், அகப்பட்டுவிடும்.

எத்தனை வருட மடங்கு? இதற்குச் சட்டமோ சூத்திரமோ இல்லை, பேசி முடிவு செய்வதுதான். நான் இரண்டு என்றேன். முந்திரிப் பருப்பை வாங்குகிறவர் ரகத்தைப் பார்த்து வாங்குகிறார், டின்னின் மேல் ஒட்டிய பெயரைப் பார்த்து அல்ல. கொட்டையோ தூத்துக்குடி துறைமுகம் வழியாக ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது, அதன் விலை ஏறினால் எல்லா ஆலைக்கும் ஒரே அடி. இந்த ஆலையின் உண்மையான பேர், ரகம் பிரிப்பதில் வாங்குவோருக்கு இருக்கிற நம்பிக்கையும் கை பழகிய பெண்களும்தான். அதிலும் வாங்குவோரில் பாதிப் பேர் மூத்தவரின் முகத்துக்காக வருகிறவர்கள், அவர் ஒதுங்கினால் அவர்களும் ஒதுங்கலாம். இப்படிப்பட்ட பேருக்கு மூன்று வருடம், ஐந்து வருடம் என்று மடங்கு போடுவது அதிகம் என்பது என் கருத்து. இரண்டுக்கு மூவரும் சம்மதித்தார்கள். நற்பெயர் 20 லட்சம், புதியவர் கொடுக்க வேண்டியது அதில் ஐந்தில் ஒரு பங்கு, 4 லட்சம்.

இந்த 4 லட்சத்தை ஆலைக் கணக்கப்பிள்ளை முதலில் 3:2 என்று பிரித்து எழுதியிருந்தார். மூத்தவருக்கு 2.4, இளையவருக்கு 1.6. நான் அதை அடித்து 3 லட்சம், 1 லட்சம் என்று மாற்றினேன். இளையவர் தாளைப் பார்த்ததும் மைத்துனர் பக்கம் திரும்பிவிட்டார்.

“என்னத்தான் இது? நிலம் ஏறுனதுல எனக்கு ரெண்டு பங்கு, காப்புல ரெண்டு பங்கு. பேருக்கு வர்ற காசுல மட்டும் கால் பங்கா? இந்தப் பேரைச் சம்பாதிச்சதுல நான் இல்லையா?”

கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. பேரைச் சம்பாதித்தது இருவரும், 3:2 இல். ஆனால் புதியவர் கொடுக்கிற 4 லட்சம் நற்பெயர் முழுவதற்குமான விலை அல்ல. இனிமேல் வரப்போகிற உயர் இலாபத்தில் அவர் எடுத்துக்கொள்ளும் ஐந்தில் ஒரு பங்குக்கான விலை. அந்தப் பங்கு யார் கையிலிருந்து போகிறதோ அவருக்குத்தான் பணம் வர வேண்டும். இருபதில் மூன்று பங்கை மூத்தவர் விடுகிறார், ஒரு பங்கை இளையவர் விடுகிறார். இதைத்தான் தியாக விகிதம் என்கிறோம், இங்கே 3:1.

வாயால் சொன்னதில் இளையவர் சமாதானம் ஆகவில்லை. அவர் சொன்ன வழியிலேயே போட்டுக் காட்டினேன். சரி, நற்பெயர் 20 லட்சத்தையும் சொத்தாகப் புத்தகத்தில் ஏற்றுவோம். சம்பாதித்தது பழைய இருவர், ஆகவே 3:2 இல் வரவு: மூத்தவருக்கு 12, இளையவருக்கு 8. அவர் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. இனி இந்தச் சொத்தைப் புத்தகத்தில் வைத்திருக்க முடியாது, ஏனென்றால் பணம் கொடுத்து வாங்காத, தானே வளர்ந்த நற்பெயரைச் சொத்தாகக் காட்டக் கூடாது என்கிறது கணக்கியல் தரம் 26. எழுதி எடுத்துவிட வேண்டும். எடுப்பது ஏப்ரல் 1 க்குப் பின், அப்போதைய விகிதம் 9:7:4. மூத்தவருக்குப் பற்று 9, இளையவருக்கு 7, புதியவருக்கு 4.

| | வரவு | பற்று | நிகரம் |
|---|---|---|---|
| மூத்தவர் | 12 | 9 | +3 |
| இளையவர் | 8 | 7 | +1 |
| புதியவர் | 0 | 4 | −4 |

இளையவர் அந்த மூன்றாவது வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூத்தவர்தான் பேசினார். “மாப்பிள்ளே, இப்ப நான் மூணு வாங்குறேன், வாஸ்தவம். வருசா வருசம் என் லாபம் பன்னிரண்டுல இருந்து ஒம்பதுக்கு இறங்குதே, அதையும் பாரு.”

முதலில் ஒரு கட்டத்தில் அவர்கள் 2:2:1 என்றும் பேசியிருந்தார்கள். அது முடிவாகியிருந்தால் இளையவரின் ஐந்தில் இரண்டு அப்படியே இருந்திருக்கும், ஒரு துளியும் விட்டிருக்க மாட்டார். 4 லட்சம் முழுவதும் மூத்தவருக்கே போயிருக்கும். மாறாக, புதியவருக்குப் போகும் பங்கைப் பழைய இருவரும் தங்கள் பழைய விகிதத்திலேயே விட்டால் தியாக விகிதமும் 3:2 ஆகவே வரும், கணக்கப்பிள்ளையின் முதல் தாள் சரியாகிவிடும். பாடப்புத்தகக் கணக்குகளில் இந்தக் கடைசி வகைதான் அதிகம். அதனால்தான் பழைய விகிதமும் தியாக விகிதமும் ஒன்றே என்ற பழக்கம் கையில் ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

புதியவர் கொண்டுவர வேண்டிய முதல் எளிது. பழைய இருவரின் 96 லட்சம் ஐந்தில் நான்கு பங்கு என்றால் முழுத் தொகை 120 லட்சம், அவர் பங்கு 24 லட்சம். நற்பெயருக்கு 4 லட்சம் சேர்த்து 28 லட்சம் வங்கி வழியாகவே போட்டார். அந்த 4 லட்சம் முதல் கணக்குகளில் 3, 1 என்று வரவானதும் மூத்தவர் 63, இளையவர் 37, புதியவர் 24. மூத்தவரின் முதல் அவருடைய பங்குக்கு அதிகம்தான். அதைச் சமன்செய்ய யாரையும் பணம் போடவோ எடுக்கவோ சொல்லவில்லை. முதலுக்கு 12 சதவீத வட்டி என்று ஒப்பந்தத்தில் எழுதினோம், அதிகம் வைத்திருப்பவருக்கு அதிகம் கிடைக்கும். வருமானவரியில் கூட்டாளி வட்டிக்குச் செலவாக அனுமதிக்கும் உச்சமும் 12 சதவீதமே.

மூத்தவருக்கு அந்த 3 லட்சத்தோடு, நிலம் ஏறிய வகையில் வந்ததையும் சேர்த்துக் கையில் எடுக்க ஆசை. இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தேன். நிலத்தின் ஏற்றம் எழுத்தில் வந்ததே தவிர வங்கியில் வரவில்லை, எடுத்தால் புதியவர் போட்ட பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இன்னொன்று வரி. சொத்தை மறுமதிப்பீடு செய்து பங்காளிகளின் முதல் கணக்கில் வரவு வைத்த ஒரு கூட்டாண்மை வழக்கில், 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் சொத்து மாற்றமாகக் கருதி மூலதன ஆதாய வரி உண்டு என்றது. அது பழைய சட்டப் பிரிவின் மேல் வந்த தீர்ப்பு. தீர்ப்புக்கு முன்பே, 2021 இல் பிரிவைத் திருத்தி, நிறுவனம் மாற்றியமைக்கப்படும்போது பங்காளி கையில் பெறும் பணத்தையும் சொத்தையும் வரிக்குள் கொண்டுவந்திருந்தார்கள். வரி வழக்கறிஞரிடம் கேட்காமல் ஒரு ரூபாயும் எடுக்க வேண்டாம் என்று எழுதியே கொடுத்தேன். இன்னொரு பக்கம், இயந்திரத்துக்கு வருமானவரித் தேய்மானம் பழைய குறைத்தெழுதிய மதிப்பில்தான் தொடரும், நம் மறுமதிப்பீட்டை வரித்துறை கண்டுகொள்ளாது. இதைப் புதியவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

காகித வேலைகளை நீட்டத் தேவையில்லை. 1932 ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 31 ஆம் பிரிவுப்படி எல்லாப் பழைய பங்காளிகளும் சம்மதித்தால்தான் சேர்ப்பு செல்லும், புது ஒப்பந்தத்தில் மூவரும் கையெழுத்திட்டார்கள். பதிவாளருக்கு அறிவிப்பும், 15 நாளுக்குள் ஜிஎஸ்டி பதிவில் திருத்தமும் போனது. அதே 31 ஆம் பிரிவு, தான் சேரும் முன் நிறுவனம் பட்ட கடனுக்குப் புதியவர் பொறுப்பில்லை என்கிறது. ஆனால் வங்கி 30 லட்சம் கடன் கணக்கைத் தொடர அவரிடமும் கையெழுத்து வாங்கியது. கையெழுத்துப் போட்ட பின் சட்டம் கொடுத்த பாதுகாப்பு அந்தக் கடனுக்குக் கிடையாது. கடன் இருப்பை வங்கியிடம் எழுத்தில் வாங்கிப் பார்த்த பிறகே அவர் போட்டார்.

ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து நான் கேட்டுச் சேர்த்தது. ஏப்ரல் 1 க்கு முந்தைய விற்பனையில் ஒதுக்கு வைத்த கடன் பின்னால் வசூலானால், அது பழைய இருவருக்கே, 3:2 இல் என்று. மறு வருடம் அந்த மொத்த வியாபாரி 3 லட்சத்தில் 2 லட்சத்தைக் கொண்டுவந்து கட்டிவிட்டார். ஷரத்து இல்லாவிட்டால் அது அந்த வருட லாபத்தில் கலந்து 9:7:4 இல் பிரிந்து, புதியவருக்கு 40,000 ரூபாய் போயிருக்கும். இப்போது மூத்தவர் கணக்கில் 1.2 லட்சமும் இளையவர் கணக்கில் 80,000 ரூபாயும் வரவாகியிருக்கிறது. இந்த முறை கணக்கப்பிள்ளையே சரியாக எழுதியிருந்தார்.